'மென்தே' என்று முடியும் ஸ்பானிய வினையடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய மொழி கற்கும் தமிழர்கள் இரண்டாம் நிலைப் பாடங்களுக்கு வந்ததும் எழுப்பும் கேள்விகள் இவை. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கை ஒட்டியது. 'மென்தே'யில் வரும் 'தே'யைத் 'தேன்' என்பதில் வருவதுபோல வல்லோசையாகவே சொல்ல வேண்டும்.

மென்தே என்ற ஈறு என்ன வேலை செய்கிறது?

பெயரடையை வினையடையாக்குகிறது. தமிழில் 'மெதுவான' என்பது 'மெதுவாக' என்று மாறுவதைப்போல, ஸ்பானியத்தில் 'லென்தோ' (மெதுவான) என்பது 'லென்தாமென்தே' (மெதுவாக) ஆகிறது. வினையடை ஆனபின் அது ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதற்காகவும் மாறாது.

ஒரு பெயரடை கையில் இருக்கிறது. அதிலிருந்து வினையடையை எப்படி உருவாக்குவது?

பெயரடையின் பெண்பால் ஒருமை வடிவத்தை எடுத்து, இடைவெளி விடாமல் 'மென்தே' சேர்க்க வேண்டும். 'லென்தோ'வின் பெண்பால் 'லென்தா'. எனவே 'லென்தாமென்தே'. 'கிளாரோ' (தெளிவான) என்பதன் பெண்பால் 'கிளாரா'. எனவே 'கிளாராமென்தே'.

ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம் கொண்ட பெயரடைகளும் ஏராளம். அவற்றில் மாற்ற எதுவும் இல்லை, அப்படியே ஒட்டிவிடலாம். 'ப்ரேவே' (சுருக்கமான) 'ப்ரேவேமென்தே' ஆகும். 'ஃபாசில்' (எளிய) 'ஃபாசில்மென்தே' ஆகும். 'ஃபெலிஸ்' (மகிழ்ச்சியான) 'ஃபெலிஸ்மென்தே' ஆகும். மெய்யெழுத்தில் முடியும் சொற்களைக் கண்டதும் நடுவில் ஓர் 'ஆ' சேர்த்து 'ஃபாசிலாமென்தே' என்று எழுதுவது தொடக்கநிலையில் அடிக்கடி நிகழும் பிழை. 'ஃபாசிலா' என்று ஒரு சொல்லே ஸ்பானியத்தில் கிடையாது. பெண்பால் வடிவம் அகராதியில் இருக்கிறதா என்று பார்த்தாலே இந்தப் பிழை நின்றுவிடும். 'ஓர்' என்று முடிபவற்றில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. 'என்கன்தாதோர்' (வசீகரமான) என்பதற்குப் பெண்பால் உண்டு; எனவே 'என்கன்தாதோராமென்தே'. 'சுபெரியோர்' (உயர்ந்த) என்பதற்குத் தனிப் பெண்பால் இல்லை, எனவே 'சுபெரியோர்மென்தே'.

எல்லாப் பெயரடைகளும் இந்த ஈற்றை ஏற்பதில்லை. நிறங்களும் நாட்டினப் பெயர்களும் வழக்கமாக ஏற்பதில்லை. 'நல்ல', 'கெட்ட' என்பவற்றுக்கு 'பியென்', 'மால்' என்று தனி வினையடைகள் உள்ளன. 'புவேனாமென்தே' என்று ஒரு சொல் இருக்கிறதுதான். ஆனால் 'நன்றாக' என்ற பொருளில் அது வராது; 'சிரமமில்லாமல், முடிந்த அளவில்' என்ற பொருளில்தான் வரும்.

செய்பவர் ஆணாக இருந்தாலும் ஏன் பெண்பால் வடிவம்? வினைக்கு ஏது பால்?

இதற்கு இலக்கணப் புத்தகத்தில் விடை தேடிப் பயனில்லை, வரலாற்றில்தான் கிடைக்கும். ஈறாக வரும் 'மென்தே' ஒரு காலத்தில் தனிப் பெயர்ச்சொல்லாக இருந்தது. லத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம். அதை ஆறாவது வேற்றுமையான அப்லேட்டிவில் வைத்தால் 'மென்தே' என்று வரும். நம் 'மனத்தோடு' செய்யும் வேலையை அது செய்தது. 'மென்ஸ்' லத்தீனில் பெண்பாற்சொல். பெயரடை தான் தழுவும் பெயரின் பாலை ஏற்க வேண்டும் என்பது லத்தீன் விதி. ஆகவே அதற்கு முன் வரும் பெயரடையும் பெண்பாலில் நின்றது.

கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் கட்டுல்லுஸ், காதலியை இழந்த தனக்குத் தானே சொல்லிக்கொள்வதாக எழுதிய கவிதையில் 'ஓப்ஸ்தினாதா மென்தே' என்று வருகிறது. 'உறுதிகொண்ட மனத்தோடு' பொறுத்துக்கொள் என்பது பொருள். அங்கே 'மென்தே' இன்னும் உண்மையான மனம்தான். மனம் உடையவர்களின் செயல்களை மட்டுமே அப்படிச் சொல்ல முடியும்.

பிறகு மனம் என்ற பொருள் மெல்லத் தேய்ந்தது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரைஹெனாவ் சொல்விளக்கப் பட்டியல், அக்கால மக்களுக்குப் புரியாமல் போன லத்தீன் சொற்களுக்கு எளிய சொற்களில் பொருள் தருகிறது. அதில் 'சிங்குலாரிதேர்' என்ற சொல்லுக்கு விளக்கமாக 'சோலாமென்தே' என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கே 'தனித்த மனத்தோடு' என்று பொருள் கொள்ள முடியாது. 'தனியாக' என்பது மட்டுமே பொருள். பெயர்ச்சொல் ஈறாக இறுகியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பொருள் போனபின்னும் பெண்பால் வடிவம் மட்டும் இன்றுவரை தங்கிவிட்டது. அதனால்தான் மனமே இல்லாத ரயிலும் 'லென்தாமென்தே' நகர்கிறது.

கூடுதலாக ஒரு செய்தி. இந்த 'மென்ஸ்' சொல்லும் சமஸ்கிருத 'மதி'யும் ஒரே வேரிலிருந்து ஒரே முறையில் உருவானவை. அறிவு என்ற பொருளில் நாம் சொல்லும் 'மதி' அங்கிருந்து வந்ததே. ஆகவே இந்த ஸ்பானிய ஈறு நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை.

இரண்டு வினையடைகள் சேர்ந்து வரும்போது முதலாவதில் மென்தே காணாமல் போகிறதே, ஏன்?

காணாமல் போகவில்லை. கடைசியில் நிற்கும் ஒரே 'மென்தே' இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

தமிழில் 'தெளிந்த, அமைதியான மனத்தோடு பேசினார்' என்று எழுதும்போது 'மனத்தோடு' என்பதை இருமுறை எழுதுவதில்லை. ஒரு பெயருக்கு இரண்டு அடைகள், அவ்வளவுதான். லத்தீனிலும் பெயர்ச்சொல்லாக இருந்த 'மென்தே'யின் முன் இரண்டு பெயரடைகள் வரலாம். இரண்டும் பெண்பாலில் நிற்கும். அந்தப் பழைய தொடரமைப்பின் எச்சமே இன்றைய ஸ்பானிய விதி. பெயர்ச்சொல் ஈறாகிவிட்டது, தொடர் மட்டும் பழைய படியே நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். 'மாணவன் சரியாகவும் சுருக்கமாகவும் பதில் சொன்னான்' என்று எழுத வேண்டும். 'மாணவன்' என்பது 'எல் அலும்னோ'; ஆண்பால். 'பதில் சொன்னான்' என்பது 'ரெஸ்போந்தியோ'. 'சரியான' என்பது 'கொர்ரெக்தோ', அதன் பெண்பால் 'கொர்ரெக்தா'. 'சுருக்கமான' என்பது 'ப்ரேவே', இரு பாலுக்கும் ஒன்றே. தனித்தனியாக எழுதினால் 'கொர்ரெக்தாமென்தே', 'ப்ரேவேமென்தே'. 'உம்' பொருளைத் தரும் 'இ' என்ற இணைப்புச்சொல்லால் சேர்க்கும்போது முதலாவதிலிருந்து ஈற்றை எடுத்துவிட வேண்டும்.

எல் அலும்னோ ரெஸ்போந்தியோ கொர்ரெக்தா இ ப்ரேவேமென்தே.

'கொர்ரெக்தா' பெண்பாலிலேயே நிற்பதைக் கவனியுங்கள். மாணவன் ஆண் என்பதால் அது மாணவனைத் தழுவும் சொல்லாக இருக்கவே முடியாது. பின்னால் வரும் 'மென்தே'யைத்தான் அது எதிர்நோக்குகிறது. வரிசையை மாற்றினால் 'ப்ரேவே இ கொர்ரெக்தாமென்தே' என்று வரும். இதுவும் சரியே. ஆனால் 'ப்ரேவே'யில் பால் வெளியே தெரியாததால், விதி வேலை செய்வது கண்ணுக்குப் படாது. இந்த விதியைப் பயிலும்போது 'ஆ'வில் முடியும் சொல் முதலில் வரும்படி வாக்கியம் அமைத்துப் பழகுவது நல்லது.

மூன்று வந்தாலும் இதே முறைதான்: 'கிளாரா, ப்ரேவே இ கொர்ரெக்தாமென்தே'. 'அல்லது' பொருளைத் தரும் 'ஓ'வோடும், 'ஆனால்' பொருளைத் தரும் 'பேரோ'வோடும் இது செல்லும். 'திரேக்தா ஓ இந்திரேக்தாமென்தே' (நேரடியாகவோ மறைமுகமாகவோ) என்பதைச் செய்தித்தாள்களிலும் ஒப்பந்தங்களிலும் அடிக்கடி காணலாம். 'லீசா இ யானாமென்தே' (ஒளிவுமறைவின்றி, சுருங்கச் சொன்னால்) என்பது மரபுத்தொடராகவே உறைந்துவிட்டது. அதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

"கொர்ரெக்தோ இ ப்ரேவேமென்தே" என்று எழுதினேன், ஆசிரியர் வட்டமிட்டுவிட்டார். மென்தேவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண பெயரடைதானே?

மிஞ்சுவது பெயரடைதான், ஆனால் ஈற்றுக்காகத் தயார் செய்யப்பட்ட பெயரடை. அகராதியில் உள்ள ஆண்பால் வடிவத்துக்குத் திரும்பக் கூடாது. சரிபார்க்க எளிய வழி: முதல் சொல்லின் பின்னால் மனத்துக்குள் 'மென்தே' ஒட்டிப் பாருங்கள். 'கொர்ரெக்தோமென்தே' என்று ஒரு சொல் இல்லை, ஆகவே பிழை.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. ஸ்பானியத்தில் சில பெயரடைகள் ஆண்பால் ஒருமையிலேயே வினையடையாக வரும். 'அப்லோ கிளாரோ' (தெளிவாகப் பேசினார்) என்பது முழுக்கச் சரியான வாக்கியம். 'ராப்பிதோ' என்பதும் 'வேகமாக' என்ற பொருளில் இப்படி வரும். இவற்றைப் படித்துவிட்டு எல்லாப் பெயரடைகளையும் அப்படிப் பயன்படுத்தலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த உரிமை உள்ளவை சில சொற்களே. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும். 'கொர்ரெக்தோ'வுக்கு அந்த உரிமை இல்லை.

ஈற்றை முதல் சொல்லில் வைத்துவிட்டு இரண்டாவதில் விடுவதும் கூடாது. 'கொர்ரெக்தாமென்தே இ ப்ரேவே' என்றால் படிப்பவர் 'ப்ரேவே'க்கு உரிய பெயர்ச்சொல் எங்கே என்று தேடுவார்.

இரண்டிலுமே மென்தே போட்டு எழுதினால் தவறாகிவிடுமா?

தவறு ஆகாது. 'லென்தாமென்தே இ குயிதாதோசாமென்தே' (மெதுவாகவும் கவனமாகவும்) என்பது இலக்கணப்படி நிற்கும். ஒவ்வொன்றையும் தனியே அழுத்திச் சொல்ல விரும்பும் எழுத்தாளர்கள் வேண்டுமென்றே இப்படி எழுதுவதும் உண்டு. ஆனால் காரணமில்லாமல் எழுதினால் காதுக்குப் பளுவாக இருக்கும். நமக்கு இது ஏன் எளிதில் உறைப்பதில்லை என்றால், 'மெதுவாகவும் கவனமாகவும்' என்று ஈற்றை இருமுறை சொல்வதே தமிழுக்கு இயல்பு. 'மெதுவும் கவனமாகவும்' என்று நாம் சொல்வதில்லை. அந்தக் காதோடுதான் ஸ்பானியத்தையும் கேட்கிறோம்.

அருகருகே வரும் எல்லா வினையடைகளுக்கும் இப்படிச் செய்யலாமா?

இல்லை. அடுத்தடுத்து வருவது மட்டும் போதாது. இணைப்புச்சொல்லாலோ காற்புள்ளியாலோ இணைக்கப்பட்டு, இரண்டும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும்.

'ப்ரோபாப்லேமென்தே யெகாரா புன்துவால்மென்தே' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'அநேகமாக அவர் நேரத்துக்கு வந்துவிடுவார்' என்பது பொருள். 'அநேகமாக' என்பது பேசுபவரின் கணிப்பு. முழு வாக்கியத்தின் மேலும் படர்கிறது. 'நேரத்துக்கு' என்பது வருகையைப் பற்றியது. இவற்றை 'ப்ரோபாப்லே இ புன்துவால்மென்தே' என்று சேர்த்தால் வாக்கியம் உடைந்துவிடும். அநேகமான முறையில் ஒருவர் வர முடியாதல்லவா!

ஒரு வினையடை இன்னொன்றை அளக்கும்போதும் முடியாது. 'எக்ஸ்த்ரேமாதாமென்தே லென்தாமென்தே' (மிக மிக மெதுவாக) என்பதில் முதல் சொல் இரண்டாவதற்கு அளவு சொல்கிறது. அங்கே ஈற்றை வெட்ட வழியில்லை. ஸ்பானியர்கள் இப்படி இரண்டு 'மென்தே' மோதுவதைத் தவிர்த்து, 'மூய் லென்தாமென்தே' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

உயிரெழுத்தின் மேல் போடும் அந்தச் சாய்கோட்டை எங்கே வைப்பது, எங்கே விடுவது?

பெயரடையில் இருந்தால் வினையடையிலும் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இவ்வளவுதான் விதி. 'ஃபாசில்' என்பதில் முதல் உயிரின் மேல் அழுத்தக்குறி உண்டு. 'ஃபாசில்மென்தே'யிலும் அதே இடத்தில் வர வேண்டும். 'லென்தா'வில் இல்லை, 'லென்தாமென்தே'யிலும் இல்லை. 'கொமூன்' (பொதுவான) என்பதில் இரண்டாம் உயிரின் மேல் குறி இருக்கிறது, 'கொமூன்மென்தே'யிலும் அப்படியே. இந்தச் சொல்லில் தாய்மொழிக்காரர்களே அடிக்கடிக் குறியை விட்டுவிடுகிறார்கள். ஈறு பகிரப்பட்டுத் தனியே நிற்கும் சொல்லும் தன் குறியை இழக்காது. 'ஊனிகா இ எக்ஸ்க்லுசீவாமென்தே' (ஒரே ஒருபடியாக, பிரத்தியேகமாக) என்பதில் 'ஊ'வின் மேல் குறி இருந்தே ஆக வேண்டும்.

மாணவர்கள் தடுமாறும் இடம் மிகைப்பெயரடை. 'ராப்பிதா'வில் குறி முதல் அசையில் இருக்கிறது. 'மிக வேகமான' என்ற பொருள்தரும் 'ராப்பிதீசிமா'வில் அது மூன்றாம் அசையான 'தீ'க்கு நகர்ந்துவிடுகிறது. ஆகவே 'ராப்பிதீசிமாமென்தே'யில் 'தீ'யின் மேல் மட்டும்தான் குறி. இரண்டு இடத்திலும் போடுவது பிழை.

விதி ஏன் இப்படி என்பதும் சுவையானது. ஸ்பானியச் சொல்லுக்குப் பொதுவாக ஓர் அழுத்தம்தான். 'மென்தே' வினையடைகளுக்கு இரண்டு: ஒன்று பெயரடையின் பழைய இடத்தில், மற்றொன்று 'மென்' அசையில். இதை உயிரெழுத்துகளே காட்டிக்கொடுக்கின்றன. ஸ்பானியத்தில் சில 'எ', 'ஒ' ஒலிகள் அழுத்தம் விழும்போது 'யெ', 'வெ' என்று உடைபடும். 'சியெர்தோ' (உறுதியான) என்பதிலிருந்து 'செர்தேசா' (உறுதி) என்ற பெயர்ச்சொல் வரும்போது அழுத்தம் வேறிடம் போகிறது; 'யெ' மறைகிறது. 'நுவேவோ' (புதிய) 'நோவேதாத்' (புதுமை) ஆகும்போதும், 'ஃபுவெர்தே' (வலிய) 'ஃபோர்தாலேசா' (வலிமை) ஆகும்போதும் அப்படியே. ஆனால் 'சியெர்தாமென்தே', 'நுவேவாமென்தே', 'ஃபுவெர்தேமென்தே' என்பவற்றில் உடைந்த ஒலி அப்படியே இருக்கிறது. பெயரடை தன் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இது சான்று. ஈறு முழுமையாகக் கரைந்துபோகாமல் பாதிச் சொல்லாக நிற்பதால், அதைக் கழற்றி இரண்டு பெயரடைகளுக்குப் பொதுவாக வைக்கவும் முடிகிறது.

பிரெஞ்சும் இத்தாலியமும் கொஞ்சம் தெரியும். அங்கேயும் இதே விதியா?

ஈறு அங்கும் உண்டு. பகிர்வு இன்று இல்லை. பிரெஞ்சில் 'மான்' என்றும் இத்தாலியத்தில் 'மென்தே' என்றும் ஒவ்வொரு சொல்லிலும் தனியே போட வேண்டும். பழைய பிரெஞ்சில் பகிர்ந்த தொடர்கள் காணப்படுகின்றன, பின்னர் வழக்கொழிந்தன. போர்ச்சுகீசியத்தில் ஸ்பானியத்தைப்போலவே கடைசிச் சொல்லில் மட்டும் வைப்பது வழக்கம். கட்டலானில் நிலைமை தலைகீழ்: ஈற்றை முதல் சொல்லில் வைத்து, இரண்டாவதில் விட்டுவிடலாம். பார்சலோனாவில் ஸ்பானியமும் கட்டலானும் சேர்த்துக் கற்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

"செகூராமென்தே" என்றால் நிச்சயமாக என்று அர்த்தம் கொண்டேன். நண்பர் வரவே இல்லை!

'செகூரோ' என்றால் 'உறுதியான' என்பது உண்மை. ஆனால் அன்றாடப் பேச்சில் 'செகூராமென்தே' என்பது 'அநேகமாக' என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 'நிச்சயமாக' என்று உறுதி தர 'கோன் தோதா செகூரிதாத்' என்ற தொடர் இருக்கிறது. இதேபோல 'திஃபீசில்மென்தே' என்பது 'சிரமப்பட்டு' என்பதைவிட 'நடப்பது அரிது' என்ற பொருளில்தான் மிகுதியாக வரும். 'ஊல்திமாமென்தே' என்பது 'கடைசியாக' அன்று, 'சமீப காலமாக'. பெயரடையின் பொருளை வைத்து வினையடையின் பொருளை ஊகித்தாலும், புதிய சொல் ஒவ்வொன்றையும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிடுங்கள்.

நல்ல எழுத்தாளர்கள் மென்தேவைத் தவிர்ப்பார்கள் என்கிறார்களே?

சிலர் தவிர்க்கிறார்கள். கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இந்த ஈற்றை வெறுத்ததும், தன் பிற்கால நாவல்களில் அதை விலக்கியதும் பலருக்குத் தெரிந்த செய்தி. அவருடைய ஒவ்வாமையை விதியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஸ்பானியப் பத்திரிகைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் 'மென்தே' இல்லாமல் நகராது. ஆனால் ஒரே பத்தியில் நான்கைந்து வந்தால் ஓசை சலிப்பூட்டும் என்பது உண்மை. அப்போது 'கோன்' (ஓடு) என்ற முன்னிடைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் பயன்படுத்தலாம். 'குயிதாதோசாமென்தே' என்பதற்குப் பதில் 'கோன் குயிதாதோ' (கவனத்தோடு) என்று எழுதலாம். இதிலும் பகிர்வு உண்டு, ஆனால் எதிர்ப்புறமாக. 'கோன் கிளாரிதாத் இ ப்ரேவேதாத்' (தெளிவோடும் சுருக்கத்தோடும்) என்பதில் முன்னால் வரும் ஒரே 'கோன்' பின்னால் வரும் இரண்டு பெயர்களுக்கும் போதும். பால் பார்க்க வேண்டிய தொல்லையும் இங்கே இல்லை.